மூணாம் வகுப்புப் பிள்ளையோட முதல் லீவ் லெட்டர், அப்பத்தா எழுத வச்ச கதை

கேள்வி: என் மக மூணாம் வகுப்பு படிக்கிறா. இனிமே லீவ் லெட்டரை பிள்ளைகளே எழுதிட்டு வரணும்னு மிஸ் சொல்லிட்டாங்க. நாங்க ரெண்டு பேரும் வேலைக்குப் போயிட்டு வர ராத்திரி ஆயிரும், வீட்டுல எங்க அத்தைதான் இருக்காங்க, அவங்களுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நெட்ல இருந்து ஒரு மாடல் எடுத்துக் குடுத்து பாத்து எழுத வைக்கலாமா, இல்ல வேற எப்படி சொல்லிக் குடுக்குறது?

பதில்: மாடல் வேண்டாங்க. உங்க அத்தையவே பக்கத்துல உக்கார வச்சு எழுத வைங்க, அவங்களுக்கு எழுத்து தெரியலைங்கிறது இதுல ஒரு குறையே இல்ல. நான் உசிலம்பட்டி பக்கம் ஒரு ஊராட்சி ஒன்றிய தொடக்கப்பள்ளியில டீச்சரா இருக்கேன், பிள்ளைங்க எழுதுன லீவ் லெட்டர் ஒரு பை நிறைய சேத்து வச்சிருக்கேன், அதுல ஒரு லெட்டர் எப்படி வந்துச்சுன்னு சொல்றேன், உங்க வீட்டு நெலமைக்கு அது அப்படியே பொருந்தும்.

2025 பிப்ரவரியில நடந்தது. அந்த வருஷம் சிவராத்திரி 26ஆம் தேதி புதன்கிழமை. தமிழ்நாடு அரசு விடுமுறை லிஸ்ட்ல சிவராத்திரி கிடையாது, ஆனா எங்க பக்கம் அன்னைக்கு ஊர்ல ஆள் இருக்காது. மாசிப் பச்சைன்னு சொல்லுவோம், பாப்பாபட்டி ஒச்சாண்டம்மன் கோயில், கருமாத்தூர் சுத்துல இருக்குற கோயில்னு அவங்கவங்க குலதெய்வத்துக்கு குடும்பத்தோட கெளம்பிருவாங்க, திருப்பூர் சென்னைன்னு பொழைக்கப் போனவங்க கூட அன்னைக்கு வந்து சேந்துருவாங்க. ராத்திரி முழுக்க முழிச்சுட்டு மறுநாளும் அங்கேயே இருந்துட்டுதான் திரும்புவாங்க. அதனால வருஷா வருஷம் அந்த வாரம் எனக்கு லெட்டரா வந்து குவியும், அதுல பாதிக்கு மேல "கடும் காய்ச்சல் காரணமாக". காய்ச்சல்னு எழுதிட்டு மறுநாள் நெத்தி நிறைய துன்னூறோட புது பாவாடை சட்டையில வந்து நிக்கும் அதுங்க :)

அந்த வருஷந்தான் மூணாம் வகுப்புப் பிள்ளைங்ககிட்ட இனிமே அம்மா அப்பா எழுதித் தர வேண்டாம், நீங்களே எழுதுங்கன்னு சொல்லியிருந்தேன். அதுல ஒரு பாப்பா, அப்பா அம்மா ரெண்டு பேரும் திருப்பூர்ல பனியன் கம்பெனியில வேலை, இவ இங்க அப்பத்தாகூட இருக்கா. அந்த அப்பத்தா பள்ளிக்கூடம் போனதில்ல. தொண்ணூறுகள்ல அறிவொளி வகுப்பு வந்தப்ப பேரை மட்டும் எழுதக் கத்துக்கிட்டதாம், அதோட சரி. திங்கக்கிழமை சாயங்காலம் ரெண்டு பேரும் திண்ணையில உக்காந்து எழுதியிருக்காங்க. எழுதி அடிச்ச தாளெல்லாம் ரஃப் நோட்டுலயே இருந்துச்சு, மிச்சத்தை அப்பத்தாவே அடுத்த பெற்றோர் கூட்டத்துக்கு வந்தப்ப சிரிச்சு சிரிச்சு சொன்னுச்சு.

பாப்பா முதல்ல என்ன பண்ணியிருக்கான்னா, பக்கத்து வீட்டு அண்ணனோட தமிழ் நோட்ஸை வாங்கிட்டு வந்து அதுல இருந்த லெட்டரை அப்படியே பாத்து எழுதிட்டா. "எனக்கு கடும் காய்ச்சல் ஏற்பட்டுள்ளதால் இன்று ஒரு நாள் பள்ளிக்கு வர இயலவில்லை, எனவே விடுப்பு அளிக்குமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்." ஒரு எழுத்துப்பிழை கெடையாது. எழுதிட்டு பெருமையா அப்பத்தாகிட்ட காட்டுனா, அதுக்கு என்ன தெரியும், "வாசிச்சுக் காட்டு தாயி"ன்னுச்சாம். வாசிச்சா.

"யாருக்குடி காய்ச்சல்?"

"யாருக்கும் இல்ல அப்பத்தா, லீவ் லெட்டர்னா அப்படித்தான் எழுதணும்."

"நாம கோயிலுக்குல்ல போறோம். நல்லா இருக்குற பிள்ளை எதுக்கு காய்ச்சல்னு எழுதுற? இல்லாத காய்ச்சலை எழுதி வரவச்சுக்கிறாத. அந்தத் தாளைக் கிழி முதல்ல."

அப்பத்தாவுக்கு அது அபசகுனம், அவ்வளவுதான். ஆனா டீச்சரா எனக்கு வேற காரணம் இருக்கு. ஒரே வகுப்புல ஒரே நாள் அஞ்சாறு காய்ச்சல் லெட்டர் வந்தா நாங்க சும்மா இருக்க முடியாது, டெங்கு சீசன்ல சுகாதாரத்துறைக்கு தகவல் சொல்லணும், அவங்க வந்து தொட்டியை எல்லாம் தெறந்து பாப்பாங்க. கூட்டத்தோட கூட்டமா பொய்க் காய்ச்சல் வந்தா நிஜக் காய்ச்சல் எதுன்னு எங்களுக்கு எப்படி தெரியும். இன்னொரு விஷயத்தையும் கவனிங்க, அந்த நோட்ஸ் லெட்டர் காலையில காய்ச்சல் வந்து அன்னைக்கே பக்கத்து வீட்டுப் பிள்ளைகிட்ட குடுத்து விடுற லெட்டர். அதனாலதான் "இன்று"ன்னும் "இயலவில்லை"ன்னும் இருக்கு. பாப்பா எடுக்கப் போறது ரெண்டு நாள் கழிச்சு வர்ற லீவு, அவளே வகுப்புக்கு வந்து கையில குடுக்குற லெட்டர்ல "இன்று வர இயலவில்லை"ன்னு இருந்தா எப்படி இருக்கும்? நெட்ல கெடைக்கிற மாடலும் முக்காவாசி இதே காய்ச்சல் லெட்டர்தான். பிள்ளை அதைப் பாத்து எழுதும்போது கையெழுத்து பழகும், யோசனை பழகாது.

ரெண்டாவது தடவை அப்பத்தா சொன்னது ரொம்ப சிம்பிள். "டீச்சர் இங்க நிக்கிறாகன்னு வச்சுக்க, வாயால சொல்லு, சொன்னதையே எழுது." பாப்பாவுக்கு குஷி ஆயிருச்சு. ஒரு பக்கம் முழுசா எழுதித் தள்ளிட்டா. அப்பாவும் அம்மாவும் திருப்பூர்ல இருந்து எந்த பஸ்ல வர்றாங்க, சித்தப்பா வேன் புடிச்சிருக்காரு, வேன்ல ஜன்னல் சீட்டு யாருக்கு, பொங்க வைக்க யாரு பானை எடுக்குறா, போன வருஷம் ராத்திரி கோயிலுக்கு சாமிப் பெட்டி வந்தப்ப இவ தூங்கிப் போயி அதைப் பாக்காம விட்டது, இந்த வருஷம் எழுப்பி விடுறேன்னு அப்பத்தா சத்தியம் பண்ணியிருக்குறது, எல்லாம் இருக்கு. சொல்லப்போனா அந்தப் பக்கந்தான் எனக்கு ரொம்ப புடிச்சது. ஆனா கடைசியில ஒரு வரி, "அதனால் நாளை மறுநாள் ஒரு நாள் லீவு வேண்டும் மிஸ்."

அப்பத்தா அதை ரெண்டு தடவை வாசிக்கச் சொல்லிக் கேட்டுட்டு கேட்ட முதல் கேள்வி, "இதை டீச்சர் என்னைக்குப் பிரிச்சுப் பாப்பாக?"

"நாளைக்கு காலையில."

"நாளைக்கு பாக்கயில நாளை மறுநாள்னா என்ன கெழமை வரும்?"

பாப்பா வெரல் விட்டு எண்ணிப் பாத்துட்டு முழிச்சிருக்கா. எழுதுறது திங்கள், அவளுக்கு நாளை மறுநாள்னா புதன். நான் வாசிக்கிறது செவ்வாய், எனக்கு நாளை மறுநாள்னா வியாழன். புதன்கிழமை அவ வரலைன்னா நான் அட்டென்டன்ஸ் ஆப்ல சும்மா ஆப்சென்ட் போட்டுட்டு வீட்டுக்கு போன் அடிச்சிருப்பேன், வியாழக்கிழமைக்குத்தானே லீவு கேட்டான்னு.

இதை எழுதப் படிக்கத் தெரியாத ஒரு பொம்பளை எப்படி கண்டுபுடிச்சுச்சுன்னு கேட்டேன். அதோட அண்ணன் பட்டாளத்துல இருந்தாராம், சின்ன வயசுல இருந்தே அவருக்கு இன்லேண்ட் லெட்டர் எழுத இதுதான் யாரையாவது புடிச்சு சொல்லச் சொல்ல எழுத வைக்குமாம். லெட்டர் போயிச் சேர பல நாள் ஆகும், "நேத்து அம்மாவுக்கு மேலுக்கு முடியல"ன்னு எழுதுனா அங்க படிக்கிறவருக்கு அது எந்த நேத்துன்னு தெரியாம அவரு பயந்து போயி தந்தி அடிச்சிருக்காரு ஒரு தடவை. அதுல இருந்து தேதியும் கெழமையும் சொல்லாம ஒரு லெட்டரும் போட்டதில்லையாம். இந்த விஷயத்தை நான் போர்டுல அனுப்புநர் பெறுநர்னு கோடு போட்டு எத்தனையோ தடவை நடத்தியிருக்கேன், ஆனா இன்று நாளைன்னு எழுதாதன்னு சொன்னதே இல்ல, ஏன்னா நோட்ஸ் லெட்டர்லயே "இன்று"தான் இருக்கு. பேச்சுல எதுத்தாப்புல ஆள் இருக்கும், அதனால நாளைக்குன்னா ரெண்டு பேருக்கும் ஒரே நாளைக்குதான். எட்டு வயசுப் பிள்ளைக்கு எழுத்துல அது மாறிப் போகும்னு தானா தோணாது, யாராவது "அவுக என்னைக்குப் படிப்பாக"ன்னு கேக்கணும்.

அடுத்து அப்பத்தா கேட்டது, "எத்தனை நாளு?" பாப்பா 26ல இருந்து 27 வரைக்கும், அப்போ ஒரு நாள்னு சொல்லியிருக்கா. இது எல்லாப் பிள்ளையும் பண்றது, கழித்தல் கணக்கு படிச்சு முடிச்ச நேரம் பாருங்க, இருபத்தேழுல இருபத்தாறு போனா ஒன்னு. போற நாளும் சேந்து வரும்ங்கிறது அவங்களுக்கு ஒட்டாது. அப்பத்தாவுக்கு கழித்தல் எல்லாம் தெரியாது, வெரலை மடக்கி "பொதன்ல பள்ளிக்கூடம் போவியா? மாட்டேன். ஒன்னு. வியாழன்ல போவியா? மாட்டேன். ரெண்டு. வெள்ளிக்கெழம? போவேன். அப்ப ரெண்டு நாளு"ன்னுச்சு. நீங்களும் இப்படியே கேளுங்க, தேதியை கழிக்க விடாதீங்க. நாலஞ்சு நாள் லீவுன்னா, நடுவுல சனி ஞாயிறு வேற வந்தா, இந்த வெரல் மடக்குறதுதான் காப்பாத்தும்.

அப்புறம் அந்த நீளமான பக்கத்தை என்ன பண்றது? வேன், ஜன்னல் சீட்டு எல்லாம்? அப்பத்தா ஒன்னொன்னா வாசிக்கச் சொல்லி, "இது தெரியாட்டி டீச்சருக்கு ஏதும் கெட்டுப்போகுமா?"ன்னு கேட்டிருக்கு. வேன் சித்தப்பா புடிச்சது தெரியாட்டி கெட்டுப்போகுமா? போகாது, அடி. என்னைக்கு வரமாட்டேன்னு தெரியாட்டி? டீச்சர் தேடுவாங்க, வச்சுக்க. திரும்ப என்னைக்கு வருவேன்னு? வச்சுக்க. கடைசியில மிஞ்சுனது நாலஞ்சு வரி. அடிச்ச வரியை எல்லாம் "கோயில்ல இருந்து வந்து டீச்சர்கிட்ட வாயால சொல்லு"ன்னு சொல்லி சமாதானம் பண்ணியிருக்கு, பாப்பா வெள்ளிக்கிழமை வந்து ஒரு பீரியட் பூரா சொன்னா, அது வேற விஷயம்.

கடைசியா என் கைக்கு வந்தது இதுதான்:

"மதிப்பிற்குரிய டீச்சர், வணக்கம். நாங்கள் குலதெய்வக் கோயிலுக்கு மாசிப் பச்சை கும்பிடப் போகிறோம். அதனால் 26.2.2025 புதன்கிழமையும் 27.2.2025 வியாழக்கிழமையும் என்னால் பள்ளிக்கு வர இயலாது. 28.2.2025 வெள்ளிக்கிழமை வந்துவிடுவேன். இரண்டு நாள் விடுப்பு தர வேண்டுகிறேன். புதன்கிழமை காலைச் சாப்பாடு எனக்கு வேண்டாம். நன்றி."

அந்த சாப்பாட்டு வரி எந்த நோட்ஸ்லயும் இருக்காது. அதுவும் அப்பத்தா சொன்னதுதான், அதோட ஓர்ப்படியா மக எங்க ஸ்கூல்ல காலை உணவு சமைக்கிற குழுவுல இருக்கா. முதலமைச்சரோட காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15 அன்னைக்கு மதுரையிலதான் ஆரம்பிச்சாங்க, அடுத்த வருஷம் ஆகஸ்ட்ல எல்லா அரசு தொடக்கப்பள்ளிக்கும் வந்துருச்சு. புதன்கிழமைன்னா பொங்கல், பிள்ளைக்கு 50 கிராம் அரிசின்னு அளவு. இருபது பிள்ளை சொல்லாம கொள்ளாம கோயிலுக்குப் போயிட்டா ஒரு கிலோ அரிசிச் சோறு மிச்சம், அதை யாரு தலையில கட்டுறது. அதனால முன்னாடியே தெரிஞ்ச லீவுக்கு முதல் நாளே லெட்டர் வந்துட்டா எங்களுக்கு ரொம்ப உபகாரம். பாப்பாவோட லெட்டரைப் பாத்துட்டு நான் மத்த வகுப்புலயும் நாளைக்கு யாரு யாரு வரமாட்டீங்கன்னு கையைத் தூக்கச் சொல்லி எண்ணிட்டேன். உங்க பிள்ளை தனியார் ஸ்கூல்னா இந்த வரி தேவைப்படாது, அதுக்குப் பதிலா வேன் டிரைவருக்கு சொல்லிட்டோம்னு ஒரு வரி போடலாம்.

மேல இருக்குற சடங்கு எல்லாம், அதான் அனுப்புநர் பெறுநர் பொருள், அதை கடைசியா சேத்தா போதும், முதல்ல அதுல ஆரம்பிச்சா பிள்ளை அதுலயே களைச்சுப் போகும். அனுப்புநர் பெறுநரை மாத்திப் போடுறது சகஜம், அப்பத்தா அதுக்கு "யாரு கையில இருந்து, யாரு கைக்கு"ன்னு கேட்டு அந்த வரிசையிலயே எழுத வச்சுச்சு. ஒன்னு ரெண்டு நாள் லீவுக்கு பெறுநர் வகுப்பாசிரியர் போதும், ரொம்ப நாள்னா தலைமையாசிரியர்னு போடுங்க. "தங்கள் கீழ்ப்படிந்துள்ள மாணவி"ன்னு முடிக்கிறது எனக்கு அவ்வளவா புடிக்காது, பிள்ளைங்களுக்கு அந்த வார்த்தை எழுதவும் வராது, "தங்கள் மாணவி"ன்னு போட்டு பேர் எழுதுனா நான் வாங்கிக்குவேன். உங்க மிஸ் கேட்டா போட்டுருங்க, அதுக்குப் போயி சண்டை வேண்டாம். தாளை நோட்டுக்கு நடுவுல பின் இருக்குற எடத்துல இருந்து எடுக்கச் சொல்லுங்க, வேற எங்கயாச்சும் கிழிச்சா அந்தப் பக்கத்து ஜோடித் தாள் ரெண்டு நாள்ல கழண்டு விழுந்துரும், அதுல வீட்டுப்பாடம் இருக்கும்.

கையெழுத்து விஷயம். பாப்பா அவங்க அப்பா கையெழுத்தை ரிப்போர்ட் கார்டுல பாத்து அப்படியே போட்டுப் பாத்திருக்கா, ரஃப் நோட்டுல நாலு இருக்கு, நல்லாவே வந்திருக்கு :) அப்பத்தாவுக்கு அதைப் பாத்ததும் கோவம் வந்து முதுகுல ஒன்னு வச்சிருக்கு. அப்புறம் அதுவே பேனாவை வாங்கி, எழுத்தெல்லாம் ஆட்டம் ஆட்டமா, தன் பேரை எழுதி, பக்கத்துல "பாட்டி"ன்னு பாப்பாவை எழுதச் சொல்லியிருக்கு. எனக்கு அதுதான் வேணும். வீட்டுல பொறுப்புல இருக்குற பெரியவங்க யாருக்காவது தெரிஞ்சுதான் பிள்ளை லீவு எடுக்குதான்னு பாக்கத்தான் அந்தக் கையெழுத்து. நீங்க ராத்திரி லேட்டா வந்தா உங்க அத்தை போடலாம், உறவுமுறையை மட்டும் பக்கத்துல எழுதிருங்க. கைநாட்டுதான்னா அதுவும் சரிதான், மிஸ்கிட்ட ஒரு வார்த்தை முன்கூட்டி சொல்லி வைங்க.

நிஜமாவே உடம்பு சரியில்லாத லெட்டருக்கு மட்டும் கொஞ்சம் வித்தியாசம் இருக்கு. அது லீவு எடுத்த பிறகு திரும்பி வர்ற அன்னைக்கு குடுக்குற லெட்டரா இருந்தா "வர இயலவில்லை"ன்னு வரும், எந்தத் தேதியில இருந்து எந்தத் தேதி வரைன்னு எழுதி, டாக்டர்கிட்ட காட்டுனோமா, இப்போ மாத்திரை ஏதும் ஸ்கூல்ல சாப்பிடணுமான்னு ஒரு வரி இருந்தா போதும். அம்மை போட்டிருந்தா காய்ச்சல்னு மறைச்சு எழுதாதீங்க, எங்க பக்கம் நிறைய வீட்டுல அதைச் சொல்லத் தயங்குவாங்க. சின்னம்மை கொப்புளம் எல்லாம் காஞ்சு பொருக்கு தட்டுற வரைக்கும் ஒட்டும், அது தெரிஞ்சா பக்கத்துல உக்காந்த பிள்ளைங்களை நாங்க கவனிச்சுக்குவோம், வகுப்புல மாசமா இருக்குற டீச்சர் யாராவது இருந்தா அவங்களை அந்த வகுப்புல இருந்து மாத்திவிடவும் செய்வோம். தண்ணி ஊத்துனதும் அனுப்பிரலாம்னு நெனைக்காம பொருக்கைப் பாத்துட்டு அனுப்புங்க.

கடைசியா, பிழை. பாப்பா லெட்டர்ல "வியாழக்கிழமை"யில ழகரத்துக்கு ளகரம் போட்டிருந்தா, "விடுப்பு"ல ஒரு புள்ளி விட்டுப் போச்சு. நீங்க ராத்திரி வந்து அதைப் பாத்ததும் ஒங்களுக்கு கை நமநமன்னு இருக்கும், புதுசா ஒரு தாள்ல நீங்களே எழுதிக் குடுக்கத் தோணும். தேதியும் கெழமையும் நாள் கணக்கும் சரியா இருக்கான்னு மட்டும் பாருங்க, அதுல தப்பு இருந்தா எழுப்பிக் கேளுங்க. புள்ளியை விட்டுருங்க, அதைத் திருத்துறதுக்குத்தான் மிஸ்ஸுக்கு செவப்பு பேனா குடுத்திருக்காங்க.